‘தலை’ ஏன் ‘தைல’ ஆகிறது? கொம்பில் தடுமாறும் எழுத்துணரி

பழைய தமிழ்ப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை ஸ்கேன் செய்து, ஓசிஆர் என்று சொல்லப்படும் எழுத்துணரி மென்பொருளில் கொடுக்கிறீர்கள். படத்தில் இருந்த எழுத்துகள் சில விநாடிகளில் தேடக்கூடிய, நகலெடுக்கக்கூடிய எழுத்துகளாக மாறிவிடும். பெரும்பாலும் சரியாகத்தான் வரும். ஆனால் சில சமயம் ‘தலைமை’ என்ற சொல் ‘தைலைம’ என்று வந்து நிற்கும். ‘சென்னை’ இருக்க வேண்டிய இடத்தில் புள்ளி வட்டங்களோடு ‘ெசன்ைன’ இருக்கும்.

எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது. மென்பொருள் எந்த வடிவத்தையும் தவறாகப் படிக்கவில்லை. பிறகு எங்கே கோளாறு? வரிசையில். அது எப்படி நடக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, எந்த அளவுக்குச் சரிசெய்யலாம் என்று பார்ப்போம்.

கண்ணுக்கு ஒரு வரிசை, கணினிக்கு வேறு வரிசை

தொடக்கப்பள்ளியில் படித்ததைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ெ ஒற்றைக்கொம்பு, ே இரட்டைக்கொம்பு, ை இணைக்கொம்பு. மூன்றுமே மெய்யெழுத்துக்கு இடப்பக்கம் வருபவை. கொ, கோ, கௌ ஆகியவற்றில் குறி இரண்டாகப் பிரிந்து, எழுத்தை இரு பக்கமும் அணைத்துக்கொண்டு நிற்கும். இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் துணைக்கால் அல்லது கொம்புக்கால்.

கையால் ‘பெண்’ என்று எழுதும்போது நாம் முதலில் கொம்பைப் போடுகிறோம், பிறகு ‘ப’ எழுதுகிறோம். அச்சுக்கூடத்தில் ஈய எழுத்துகளைக் கோத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். தமிழ்த் தட்டச்சுப்பொறியிலும் கொம்புதான் முதலில்.

ஆனால் உச்சரித்துப் பாருங்கள். ‘ப்’ முதலில் வருகிறது, ‘எ’ அடுத்து வருகிறது. கணினி இந்த ஒலி வரிசையில்தான் தமிழைச் சேமிக்கிறது. இன்று எல்லாக் கைப்பேசியிலும் இணையத்தளத்திலும் இருக்கும் யூனிகோட் முறையில் ‘பெண்’ என்பது இப்படி இருக்கும்:

```
ப   U+0BAA
ெ   U+0BC6
ண   U+0BA3
்   U+0BCD
```

‘ப’ முதலில், கொம்பு அடுத்தது. திரையில் காட்டும் நேரத்தில் மட்டும், எழுத்துருவைக் கையாளும் மென்பொருள் கொம்பைத் தூக்கி ‘ப’வுக்கு முன்னால் வைக்கிறது. நாம் பார்ப்பது இந்த இடமாற்றத்துக்குப் பிறகு உள்ள காட்சி. கோப்புக்குள் கொம்பு இன்னமும் பின்னால்தான் இருக்கிறது.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? அகரவரிசையை நினைத்துப் பாருங்கள். கொம்பு முதலில் சேமிக்கப்பட்டால் கெ, செ, பெ என்று தொடங்கும் சொற்கள் எல்லாம் ‘ெ’ என்ற ஒரே இடத்தில் குவிந்துவிடும். ஒலி வரிசையில் வைத்தால் ‘கெ’ ககர வரிசையிலேயே இருக்கும். இந்திய மொழிகளுக்காக 1988இல் வந்த இஸ்கி குறியீட்டு முறை இந்த வழியை எடுத்தது. யூனிகோட் அதைப் பின்பற்றியது.

எல்லா மொழிக்கும் இப்படி இல்லை. தாய்லாந்து மொழியிலும் சில உயிர்க்குறிகள் எழுத்துக்கு முன்னால் வரும். ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கிறார்கள். அதனால் தாய் மொழி எழுத்துணரிக்கு நாம் இப்போது பேசும் சிக்கலே இல்லை.

எழுத்துணரி எங்கே தடுமாறுகிறது?

எழுத்துணரிக்குக் கிடைப்பது ஒரு படம் மட்டுமே. அந்தப் படத்தில் கொம்பு முன்னால், ‘ப’ பின்னால். அது படிப்பது இடமிருந்து வலம்.

பழைய பாணி எழுத்துணரிகள் ஒரு வரியைத் தனித்தனி வடிவங்களாக வெட்டி, ஒவ்வொன்றும் என்ன என்று அடையாளம் கண்டு, கண்ட வரிசையிலேயே எழுதும். ‘இது கொம்பு, இது ப, இது ண், முடிந்தது’ என்ற கணக்கு. கொம்பைப் பின்னால் தள்ள வேண்டும் என்பது அதன்பிறகு தனியாகச் செய்யவேண்டிய வேலை. அந்த வேலை விட்டுப்போனாலோ அரைகுறையாக நடந்தாலோ, பார்த்த வரிசை அப்படியே கோப்புக்குள் போய்விடும்.

புதிய எழுத்துணரிகள் வேறு மாதிரி. எடுத்துக்காட்டாக, பலரும் இலவசமாகப் பயன்படுத்தும் டெசரக்ட் மென்பொருள், 2018இல் வெளிவந்த 4ஆம் பதிப்பிலிருந்து நரம்பியல் வலைப்பின்னலைப் பயன்படுத்துகிறது. அது எழுத்துகளை வெட்டுவதில்லை. ஒரு முழு வரியை மெல்லிய கீற்றுகளாகப் பார்த்துக்கொண்டே போய், எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறது. இந்த வகை வலைப்பின்னலுக்கு உள்ளே ஓர் எடுகோள் இருக்கிறது: படத்தில் எது முதலில் வருகிறதோ, எழுத்திலும் அதுவே முதலில் வரும். ஆங்கிலத்துக்கு இது நூற்றுக்கு நூறு பொருந்தும். தமிழ்க் கொம்புக்குப் பொருந்தாது.

அப்படியானால் ‘பெண்’ சரியாக வருவது எப்படி? கொம்பைப் பார்த்ததும் அது உடனே வாய் திறக்கக் கூடாது. கொம்பை நினைவில் வைத்துக்கொண்டு, ‘ப’வைப் பார்த்து, ‘ப’வை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் கொம்பைச் சொல்லவேண்டும். ‘கொ’ என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். வலப்பக்கம் துணைக்கால் இருக்கிறதா என்று தெரியும்வரை அது ‘கெ’யா ‘கொ’வா என்று முடிவு செய்ய முடியாது. பல்லாயிரம் வரிகளைப் பார்த்துப் பார்த்துத்தான் வலைப்பின்னல் இதைப் பழகுகிறது.

பழகியது சறுக்கும் இடங்களும் உண்டு. தலைப்பில் எழுத்துகளை இடைவெளி விட்டு அச்சிட்டிருந்தால், கொம்புக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு சந்து விழும். மென்பொருள் அதைச் சொல் இடைவெளி என்று எடுத்துக்கொண்டால் கொம்பு தனியாக நின்றுவிடும், அல்லது முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். மங்கிய அச்சிலும் இதே கதைதான்.

இன்னொரு காரணம் பயிற்சித் தரவு. யூனிகோட் பரவலாவதற்கு முன்னால், கணினித் தமிழ் பெரும்பாலும் கண் வரிசையில்தான் இருந்தது. 1997இல் சிங்கப்பூரில் தமிழ்நெட் 97 மாநாடு நடந்த காலத்தில், ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கென ஒரு குறியீட்டு முறை வைத்திருந்தது. அதன்பிறகு வந்த டிஸ்கி என்ற பொதுக் குறியீட்டு முறையிலும் கொம்பு எழுத்துக்கு முன்னால்தான் சேமிக்கப்பட்டது. அந்தக் காலக் கோப்புகளைச் சரியாக மாற்றாமல் பயிற்சிக்குக் கொடுத்தால், வலைப்பின்னல் இரண்டு வரிசைகளையும் கற்றுக்கொண்டு குழம்பும்.

ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்

படத்தில் இருக்கும் வரி இது:

```
தலைமை ஆசிரியை பெண்களோடு பேசினார்
```

கண் வரிசையிலேயே சேமித்துவிட்டால் கோப்பில் கிடைப்பது இது:

```
தைலைம ஆசிரிைய ெபண்கேளாடு ேபசினார்
```

கடைசிச் சொல்லிலிருந்து தொடங்குவோம். ‘பேசினார்’ என்பதில் இரட்டைக்கொம்பு சொல்லின் முதல் எழுத்தாக வந்துவிட்டது. அதற்கு முன்னால் ஒட்டிக்கொள்ள எழுத்தே இல்லை. அப்போது திரை ஒரு புள்ளி வட்டத்தைப் போட்டுக் காட்டும். ‘இங்கே ஓர் எழுத்து இருக்க வேண்டும், காணோம்’ என்பதன் அடையாளம் அது. ‘ஆசிரியை’யிலும் அப்படித்தான். ‘ரி’யில் ஏற்கெனவே ஓர் உயிர்க்குறி இருப்பதால், இன்னொரு குறிக்கு அங்கே இடமில்லை.

‘பெண்களோடு’ இன்னும் சுவாரஸ்யம். ‘ளோ’ என்ற எழுத்து இரண்டாக உடைந்திருக்கிறது. அதன் இரட்டைக்கொம்பு முன்னால் இருந்த ‘க’வோடு சேர்ந்து ‘கே’ ஆகிவிட்டது. துணைக்கால் ‘ள’வோடு நின்று ‘ளா’ ஆகிவிட்டது. ‘களோடு’ போய் ‘கேளாடு’ வந்திருக்கிறது.

உண்மையில் கவலைப்பட வேண்டியது முதல் சொல்லைப் பற்றித்தான். ‘தைலைம’வில் புள்ளி வட்டம் இல்லை. ‘தை’ நல்ல எழுத்து, ‘லை’ நல்ல எழுத்து. ‘லை’யின் கொம்பு ‘த’வுக்கும், ‘மை’யின் கொம்பு ‘ல’வுக்கும் போய்விட்டன, அவ்வளவுதான். கணினியைப் பொறுத்தவரை இது பிழையே இல்லாத தமிழ் எழுத்துத் தொடர். இதே மாதிரி ‘தலை’ என்ற சொல் ‘தைல’ ஆகிவிட்டால், அது தைலமரத்தின் ‘தைல’வா, உடைந்த ‘தலை’யா என்று அந்தச் சொல்லை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கண்ணுக்குத் தெரியாத பிழை

இதைவிட மோசமான ஒரு நிலையும் உண்டு. சில பழைய மென்பொருள்கள் புள்ளி வட்டத்தைக் காட்டுவதில்லை. அங்கே ‘ெபண்’ என்று தவறாகச் சேமித்ததும், ‘பெண்’ என்று சரியாகச் சேமித்ததும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். மெய்ப்பு பார்ப்பவர் எத்தனை முறை படித்தாலும் பிழை தெரியாது.

விளைவு தேடலில் தெரியும். உங்கள் தாத்தாவின் பெயர் கோவிந்தன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பழைய கோயில் மலரில் நன்கொடையாளர் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. `Ctrl+F` அழுத்தி ‘கோவிந்தன்’ என்று தேடுகிறீர்கள். கணினி ‘க’வில் தொடங்கும் தொடரைத் தேடுகிறது. கோப்பிலோ இரட்டைக்கொம்பு முதலில் இருக்கிறது. ‘எதுவும் கிடைக்கவில்லை’ என்று பதில் வரும். பெயர் அந்தப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் தேடுபவருக்கு அது இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும் இதே கதிதான். அவருக்குக் காதில் விழுவது தமிழாகவே இருக்காது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுத்து எழுத்தாகப் பார்க்கத் தேவையில்லை. இரண்டு கேள்விகள் போதும்.

ஒன்று: ஏதாவது ஒரு சொல் ெ, ே, ை என்ற குறியில் தொடங்குகிறதா? சரியான தமிழில் உயிர்க்குறி சொல்லின் தொடக்கத்தில் வரவே வராது. தேடல் பெட்டியில் ஓர் இடைவெளி விட்டு, அதற்கடுத்து குறியை மட்டும் ஒட்டித் தேடிப் பாருங்க. ஒன்று கிடைத்தாலும் சந்தேகப்படலாம்.

இரண்டு: எந்தச் சொல்லாவது ‘ை’யில் முடிகிறதா? சரியான தமிழில் இப்படிப்பட்ட சொற்கள் ஏராளம். மலை, விலை, அவனை, வீட்டை என்று ஒவ்வொரு பத்தியிலும் இருக்கும். ஆனால் கண் வரிசையில் கொம்புக்குப் பின்னால் கட்டாயம் ஓர் எழுத்து வந்தாக வேண்டும். அதனால் அங்கே எந்தச் சொல்லும் ‘ை’யில் முடியாது. ஒரு முழுப் பக்கத்தில் ‘ை’யில் முடியும் சொல் ஒன்றுகூட இல்லையென்றால், அந்தப் பக்கம் கண் வரிசையில் இருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். மேலே பார்த்த வரியிலும் அதைக் காணலாம்: சரியான வடிவில் முதல் இரண்டு சொற்கள் ‘ை’யில் முடிகின்றன, உடைந்த வடிவில் எதுவும் முடியவில்லை.

சரிசெய்ய முடியுமா?

பக்கம் முழுவதும் ஒரே மாதிரி உடைந்திருந்தால், முடியும். விதி எளிது: கொம்பையும் அதை அடுத்து வரும் எழுத்தையும் இடம் மாற்றுங்கள். பிறகு, அருகருகே வந்து நிற்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்குங்கள். பைத்தான் நிரலில் மூன்று வரி:

```python
import re
t = re.sub("([\u0BC6-\u0BC8])(\u0B95\u0BCD\u0BB7|[\u0B95-\u0BB9])", r"\2\1", t)
t = t.replace("\u0BC6\u0BBE", "\u0BCA")   # ெ + ா = ொ
t = t.replace("\u0BC7\u0BBE", "\u0BCB")   # ே + ா = ோ
```

முதல் வரியில் ‘க்ஷ’வைத் தனியாகக் குறிப்பிட்டிருப்பதைக் கவனியுங்கள். அது மூன்று குறியீடுகள் சேர்ந்த ஒரே எழுத்து. தனியாகச் சொல்லாவிட்டால் கொம்பு ‘க’வோடு நின்றுவிடும்.

‘யூனிகோடிலேயே ஒழுங்குபடுத்தும் வசதி இருக்கிறதே, அதைப் பயன்படுத்தக் கூடாதா?’ என்று நிரல் எழுதத் தெரிந்தவர்கள் கேட்கலாம். அது கடைசி இரண்டு வரிகளின் வேலையைச் செய்யும். பிரிந்து கிடக்கும் ெ, ா இரண்டையும் சேர்த்து ொ ஆக்கும். ஆனால் எழுத்துக்கு முன்னால் நிற்கும் கொம்பைப் பின்னால் நகர்த்தாது. வரிசையை மாற்றும் வேலை அதனுடையது அல்ல.

முக்கியமான எச்சரிக்கை: ஏற்கெனவே சரியாக இருக்கும் பக்கத்தில் இதை ஓட்டாதீர்கள். சரியான ‘தலைமை’யில் ‘லை’யின் கொம்புக்கு அடுத்து ‘ம’ இருக்கிறது. நிரல் அந்த இரண்டையும் இடம் மாற்றி, நன்றாக இருந்த சொல்லை ‘தலமைை’ ஆக்கிவிடும். அதனால் முதலில் அந்த இரண்டு கேள்விகள், அப்புறம்தான் திருத்தம். ஒரு பக்கத்தில் சில வரிகள் மட்டும் உடைந்திருந்தால், வரி வரியாகச் சோதித்து, உடைந்த வரியில் மட்டும் ஓட்டுங்கள். குறுகிய வரியில் சான்று போதவில்லை என்றால் மூலப் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

விதிக்கு அடங்காதவை

வரிசையைச் சரிசெய்த பிறகும் இரண்டு தொல்லைகள் மிஞ்சும். இரண்டுமே இரு பக்கமும் அணைக்கும் குறிகளால் வருபவை.

முதலாவது ஔகாரம். ‘பௌர்ணமி’யில் வரும் கொம்புக்கால் பார்ப்பதற்கு அசல் ‘ள’ மாதிரியே இருக்கும். எழுத்துணரி அதை ‘ள’ என்றே எடுத்துக்கொண்டு ‘பெளர்ணமி’ என்று தரும். இரண்டையும் அருகருகே வைத்தாலும் பல எழுத்துருக்களில் வேறுபாடு தெரியாது. ஆனால் கணினிக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ‘தெளிவு’ போல ‘ள’வுக்கு மேல் இன்னொரு குறி இருந்தால் அது நிச்சயம் ‘ள’தான், தொடக்கூடாது. வெறும் ‘ள’ என்றால் பெரும்பாலும் ஔகாரம். ஆனால் ‘வெளறிப் போன முகம்’ என்று யாராவது எழுதியிருந்தால், விதி அதை ‘வௌறி’ ஆக்கிக் கெடுத்துவிடும்.

இரண்டாவது துணைக்கால். சில அச்சுகளில் ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. ‘பொருள்’ என்பதை எழுத்துணரி ‘பெரருள்’ என்று படிக்கும். இதற்கும் ‘பெர வந்தால் பொ ஆக்கு’ என்று ஒரு விதி போட்டால் என்ன? பெரம்பலூர் ‘பொம்பலூர்’ ஆகிவிடும்!

இந்த இரண்டுக்கும் வடிவத்தை மட்டும் பார்க்கும் விதி போதாது. அந்தச் சொல் தமிழில் இருக்கிறதா என்று அகராதியோடு ஒப்பிட வேண்டும். ஊர்ப் பெயர், ஆள் பெயர் என்றால் அகராதியும் கைவிடும். அங்கே மனிதர்தான் மூலப் படத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

நீங்கள் பள்ளித் திட்டப்பணிக்கோ குடும்ப வரலாற்றுக்கோ பழைய பக்கங்களை எழுத்தாக மாற்றுகிறீர்கள் என்றால், ஒரு பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்தைப் படித்துப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். படத்தில் கண்ணால் பார்க்கும் ஐந்தாறு சொற்களை, கொம்பு உள்ளவையாகப் பார்த்து எடுத்து, விசைப்பலகையில் நீங்களே தட்டி அந்தக் கோப்பில் தேடுங்கள். நடுவில் கொம்பு வரும் சொல் ஒன்று, கொ அல்லது கோ போல இரு பக்கமும் குறி உள்ள சொல் ஒன்று, ஔகாரச் சொல் ஒன்று இருந்தால் போதும். கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால், கண்ணுக்குத் தெரியும் அந்தச் சொல் கணினிக்கு இன்னும் தெரியவில்லை என்று பொருள். கோப்பை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.